பண்டாரியின் நெஞ்சுக்குள் இரண்டு புகை



புகைபிடிப்பதைக் குறித்து நான் எப்போது வாய் திறந்தாலும் எனக்கு முன்னே வந்து நிற்கும் பதில் ஒன்றுண்டு. "ஹஜ்ரத், கரூர் ரோட்டில் நாள் முழுக்க லாரி ஓடுகிறது. வீட்டில் விறகடுப்பு எரிகிறது. சாயப்பட்டறைப் பாய்லரில் டன் கணக்கில் மரம் எரிகிறது. இத்தனை புகைக்கு நடுவே என் ஒரு பீடிதான் உங்கள் கண்ணுக்குப் பட்டதா?" கேட்பவர் சிரித்துக்கொண்டே கேட்பார். சுற்றி நிற்பவர்களும் சிரிப்பார்கள். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

இந்தப் பதிலை நான் மறுக்கிறேன். ஊரில் வேறு புகை இருக்கிறது என்பது பீடிக்கு ஆதரவான வாதமே அன்று. பீடிக்கு எதிரான வாதங்களில் அதுவே மிக வலுவானது. விறகுப் புகைக்கு நடுவே வாழ்பவன் புகைபிடிப்பதும், அந்தப் புகை இல்லாதவன் புகைபிடிப்பதும் ஒன்றல்ல. முன்னவன் இழப்பது அதிகம். வெள்ளகோவிலையும் காங்கயத்தையும் மூலனூரையும் சேர்ந்த நம் குடும்பங்களில் பெரும்பாலோர் அந்த முன்னவர் கூட்டத்தில்தான் இருக்கிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு சிகரெட் நெஞ்சுக்குள் இறக்கும் நுண்துகளின் எடையைச் சுமார் 12 மில்லிகிராம் என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்வது வழக்கம். நம் நாட்டுச் சட்டப்படி வெளிக்காற்றில் மிகச் சிறிய நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு ஒரு நாளில் 60 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. நெடுஞ்சாலை ஓரத்துக் கடைக்காரர் ஒருவர் அந்த வரம்பு அளவுக்குத் தூசியுள்ள காற்றையே 24 மணி நேரமும் சுவாசிக்கிறார் என்று கொள்வோம். ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 20 கன மீட்டர் காற்றை இழுக்கிறார். ஆகவே அவர் உள்ளே இழுப்பது 1,200 மைக்ரோகிராம், அதாவது 1.2 மில்லிகிராம். ஒரு சிகரெட்டில் பத்தில் ஒரு பங்கு! பத்து சிகரெட் பிடிப்பவர், தெருவின் புகையைப் போல நூறு மடங்கைத் தம் கைக்காசைக் கொடுத்து வாங்கி உள்ளே இழுக்கிறார். அவர் லாரியைக் கைகாட்டுவது எவ்வளவு பொருந்தும் என்று நீங்களே சொல்லுங்கள்.

பீடி சிறியது, ஆகவே தீங்கும் சிறியது என்று எண்ணுவோரும் உண்டு. பீடிக்குள் இருக்கும் புகையிலைத் தூள் சிகரெட்டில் இருப்பதைவிடக் குறைவு என்பது உண்மை. ஆனால் அதைச் சுற்றியிருக்கும் தெண்டு இலை, காகிதத்தைப் போலக் காற்றை ஊடே விடாது. அடிக்கடி, ஆழமாக இழுக்காவிட்டால் பீடி அணைந்துவிடும். அதனால் சிகரெட்டைக் காட்டிலும் மிகுதியான தாரும் கார்பன் மோனாக்சைடும் நெஞ்சுக்குள் போய்ச் சேர்கின்றன.

இந்தக் கணக்கைக் கேட்ட சாமர்த்தியசாலி ஒருவர் உடனே மறுபக்கம் தாவுவார். "அப்படியானால் அடுப்புப் புகை ஒன்றுமே இல்லை என்று ஆகிறதே? என் மனைவி விறகில் சமைப்பதில் கவலைப்பட என்ன இருக்கிறது?" இதுவும் தவறு. முந்தைய தவறைவிட இது ஆபத்தானது, ஏனெனில் இதன் விலையைப் பேசுபவர் கொடுப்பதில்லை, அவர் மனைவி கொடுக்கிறார்.

நோய் வரும் வாய்ப்பு, தராசில் எடை ஏறுவது போல மில்லிகிராமுக்கு இவ்வளவு என்று சீராக ஏறுவதில்லை. ஒன்றுமே இல்லாத நெஞ்சில் விழும் முதல் சிறு அளவே ஆபத்தை வேகமாக உயர்த்துகிறது. அடைந்த சமையலறையில் விறகு எரியும் நேரத்தில் நுண்துகள் ஒரு கன மீட்டருக்குச் சில நூறு மைக்ரோகிராமிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் போகும். 500 என்றே வைத்துக்கொள்வோம். நான்கு மணி நேரம் அடுப்படியில் வேலை செய்யும் பெண், மணிக்கு ஒரு கன மீட்டர் வீதம் காற்றை இழுத்தால் 2 மில்லிகிராம் உள்ளே போகிறது. எடையில் ஒரு சிகரெட்டில் ஆறில் ஒரு பங்குதான். ஆயினும் 2010ஆம் ஆண்டு 'செஸ்ட்' என்னும் மருத்துவ இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பு, பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தது. விறகு, சாணம், வைக்கோல் போன்றவற்றின் புகையில் பழகியவர்களுள் ஒருபோதும் புகைபிடிக்காதவர்களிடம் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கான வாய்ப்பு சுமார் 2.55 மடங்கு. அதே அடுப்புப் புகையோடு சிகரெட்டும் சேர்ந்தவர்களிடம் 4.39 மடங்கு.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நம் மாநிலத்திலேயே திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களைப் பரிசோதித்து 2011இல் வெளியிட்ட முடிவையும் இங்கே சொல்ல வேண்டும். அவர்களில் 100க்கு 2.44 பேருக்கு இந்நோய் இருந்தது. விறகு முதலியவற்றில் சமைத்தவர்களிடம் 2.5, தூய எரிபொருளில் சமைத்தவர்களிடம் 2. சமையலறையில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்று சமைத்த பெண்களிடம் 3. இடைவெளி பெரிதன்று. அதைப் பெரிதாக்கிக் காட்ட நான் விரும்பவில்லை. ஆனால் வாழ்நாளில் ஒரு பீடியையும் தொடாத பெண்களுக்கு, "பீடிக்காரர் நோய்" என்று நாம் ஒதுக்கி வைத்த நோய் வந்திருக்கிறது. அந்த ஒன்று போதும், இந்தப் பேச்சைத் தொடங்க. இந்தியா முழுமைக்கும் 2016ஆம் ஆண்டுக்குச் செய்யப்பட்ட கணக்கில் இந்நோயின் சுமையில் 53.7 விழுக்காடு காற்று மாசினாலும் 25.4 விழுக்காடு புகையிலையினாலும் வந்தது என்று தெரிந்தது. நோய் என்றதும் ஆண்களைப் பார்த்து "பீடி உண்டா?" என்று மட்டும் கேட்கும் வழக்கம் பாதிக் கேள்வியே.

இனி, இரண்டும் ஒரே நெஞ்சில் சந்திக்கும்போது என்ன நிகழ்கிறது என்பதற்கு வருகிறேன்.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அடர்ந்திருக்கின்றன. அவற்றின் மேல் மெல்லிய சளிப்படலம். உள்ளே வரும் தூசி அந்தச் சளியில் ஒட்டிக்கொள்ளும். நுண்மயிர்கள் ஓயாமல் மேல்நோக்கி அசைந்து அதைத் தொண்டைக்குத் தள்ளிவிடும். நாம் அறியாமலே விழுங்கிவிடுவோம். அல்லாஹ் நமக்கு வைத்த துப்புரவு இது, சம்பளம் கேட்காத துப்புரவு. புகையிலைப் புகை இந்த நுண்மயிர்களை முதலில் மந்தமாக்குகிறது, தொடர்ந்தால் உதிர்த்தும் விடுகிறது. அதே வேளையில் சளி சுரப்பிகள் பெருத்துச் சளி கூடுகிறது. துடைப்பம் போயிற்று, குப்பை கூடிற்று. அந்த நிலையில் ஒருவர் விறகடுப்பின் முன் போய் நிற்கிறார் என்றால், மற்றவர் நெஞ்சிலிருந்து மணிக்கணக்கில் வெளியேறிவிடும் கரித்துகள் இவர் நெஞ்சில் தங்கிவிடுகிறது. அடுப்பு ஒன்றுதான், புகையின் அளவும் ஒன்றுதான். இவருக்குள் தேங்குவது மட்டும் அதிகம்.

அதற்கும் கீழே, காற்று நுண்ணறைகளில், உள்ளே வந்த துகளை விழுங்குவதற்கென்றே செல்கள் இருக்கின்றன. புகைபிடிப்பவரின் நெஞ்சில் அவை ஏற்கெனவே கரி தின்று களைத்துக் கிடக்கின்றன. மேலும் புகை வரும்போது உடல் அழற்சிச் செல்களைத் திரட்டி அனுப்புகிறது. அவை வெளியிடும் நொதி, நுண்ணறைகளின் மெல்லிய சுவரையே கரைக்கக்கூடியது. அந்த நொதியைக் கட்டுப்படுத்த உடலில் ஒரு காவல் புரதம் உண்டு. புகை அந்தக் காவலையும் செயலிழக்கச் செய்கிறது. பீடிப்புகை, விறகுப்புகை, டீசல் புகை எல்லாம் இந்த ஒரே வேலையைச் செய்பவை. சுவர் கரைந்த நுண்ணறை மீண்டும் முளைப்பதில்லை.

ஆகவே பெருக்கல் எப்படி வேலை செய்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. புகைபிடிக்காத நூறு பேரில் இருவருக்கு இந்நோய் வரும் என்று கொள்ளுங்கள். விறகுப்புகை அதை இரட்டிப்பாக்கினால் நால்வர், கூடியது இருவர். புகைபிடிக்கும் நூறு பேரில் பத்துப் பேருக்கு வரும் என்றால், அதே இரட்டிப்பு அங்கே பத்துப் பேரைக் கூட்டுகிறது. அடுப்பு அதே அடுப்பு. இழப்பு ஐந்து மடங்கு. "ஏற்கெனவே புகைக்கிறேன், இந்த அடுப்புப் புகை என்னை என்ன செய்யும்?" என்று கேட்பவர் கணக்கைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்.

சாலைப் புகையிலும் இதே கதைதான். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் பின்தொடர்ந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை வைத்து 2014இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. புகைபிடித்தல் தனியாக எவ்வளவு, காற்றிலுள்ள நுண்துகள் தனியாக எவ்வளவு என்று கூட்டிப் பார்த்தபின்னும் நுரையீரல் புற்றுநோய் மரணங்களில் ஒரு பகுதி மிஞ்சியது. இரண்டும் ஒருவரிடம் சேர்ந்ததால் மட்டும் விளைந்த அந்தப் பகுதி 100க்கு 14. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதிசெய்து, புகையிலைப் புகை இருக்கும் அதே முதல் வகையில் சேர்த்துவிட்டது. பேருந்து நிலையத்தில் இன்ஜினை அணைக்காமல் நிற்கும் பேருந்தின் பின்னால் நின்று சிகரெட் பற்றவைப்பவர், ஒரே வகையைச் சேர்ந்த இரண்டை ஒரே மூச்சில் இழுக்கிறார்.

இந்தப் பொதுப்பேச்சை இங்கே நிறுத்திவிட்டு, நம் சமுதாயத்துக்கே உரிய ஒரு மனிதரிடம் வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதவைத்தவரும் அவர்தான். நிக்காஹ் விருந்துக்குப் பிரியாணி ஆக்கும் பண்டாரி.

நம் வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர். வயது ஐம்பத்திரண்டு. பதினைந்து வயதில் தம் மாமாவுக்கு எடுபிடியாக அண்டாவின் பக்கத்தில் நின்றவர். இஷாவுக்குப் பின் வெங்காயம் வெட்டத் தொடங்கி, இரவு இரண்டு மணிக்கு அடுப்பு மூட்டி, ஃபஜ்ருக்குப் பின் தம் போட்டு, அண்டா மூடியின் மேல் தணல் அள்ளிக் கொட்டுவது வரை அவர் நெருப்பைவிட்டு அகல முடியாது. விறகு சீமைக்கருவேலம், அது தீர்ந்தால் தென்னை மட்டையும் தேங்காய்த் தொட்டியும். ஈர விறகு பிடிக்காதபோது பனியன் வேஸ்ட்டை எண்ணெயில் நனைத்துச் செருகுவார்கள். அந்தத் துணியில் பாலியஸ்டர் கலந்திருந்தால் எழும் கரும்புகை எப்படி இருக்கும் என்பது திருப்பூர்ப் பக்கத்தாருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதற்கிடையே தூக்கம் வராமலிருக்கப் பீடி. அடுப்பிலிருந்து கொள்ளி எடுத்தே பற்றவைப்பார். இரவொன்றுக்கு ஒரு கட்டுத் தீரும்.

நாலைந்து ஆண்டுகளாக அவர் பள்ளியில் நாற்காலியில் அமர்ந்து தொழுதார். முழங்கால் வலி என்று எல்லோரும் நினைத்தோம், அவரும் அப்படியே சொன்னார். பிறகு மாடிக்கு ஏறுவதை விட்டார். பிறகு ஜும்ஆவுக்குச் சீக்கிரம் புறப்படத் தொடங்கினார். பக்தி கூடிவிட்டது என்றார்கள். உண்மையில் வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. இந்நோய் இப்படித்தான் ஒளிந்துகொள்ளும். நெஞ்சு குறையக் குறைய மனிதர் தம் நடையைக் குறைத்துக்கொள்கிறார். அதனால் மூச்சுத் திணறல் தெரிவதே இல்லை. காலையில் சளியோடு வரும் இருமலை "பீடி இருமல்" என்று ஒதுக்கிவிடுகிறார். தெரியவரும்போது நுரையீரலின் பாதித் திறன் போயிருக்கும்.

பெரிய மருத்துவமனை ஒன்றில் ஸ்பைரோமெட்ரி எடுத்தார்கள். மூச்சை நன்றாக இழுத்து ஒரு குழாயில் வேகமாக, முழுவதுமாக ஊத வேண்டும். வலி இல்லாத, சில நிமிடச் சோதனை. முதல் நொடியில் அவர் வெளியேற்றியது 1.4 லிட்டர். மொத்தம் வெளியேற்றியது 2.5 லிட்டர். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 0.56. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை இழுக்கச் செய்து மீண்டும் ஊதச் சொன்னார்கள். அப்போதும் 0.7க்குக் கீழேயே நின்றது. மருந்துக்குப் பின்னும் இந்த விகிதம் 0.7க்குக் கீழே இருப்பதே அடைப்பு நோயின் அடையாளம். ஆஸ்துமாவாக இருந்தால் மருந்துக்குப் பின் பெரும்பாலும் நன்றாக ஏறும். அவர் வயதுக்கும் உயரத்துக்கும் முதல் நொடியில் சுமார் 2.7 லிட்டர் வந்திருக்க வேண்டும்.

மருத்துவர் கேட்ட கேள்வி "பீடி உண்டா?" என்பது மட்டும். தொழில் என்ன என்று கேட்கவில்லை. "பீடியை விடு" என்ற ஒரு சொல்லோடு மருந்துச் சீட்டு வந்தது. மறுவாரம் அவர் மறுபடியும் அண்டாவின் முன் நின்றார்.

இதில் நம் பங்கு என்ன என்பதைக் கேட்க வேண்டிய நேரம் இது. அவரை விருந்துக்கு அழைப்பவர்கள் நாம். "விறகில் ஆக்கினால்தான் பிரியாணி" என்று வலியுறுத்துபவர்கள் நாம். அவர் கையில் முன்பணத்தோடு ஒரு கட்டு பீடியையும் கொடுத்து உபசரிப்பவர்களும் நாம்தான். ரமளானில் இன்னும் மோசம். நோன்புக் கஞ்சிக்காக முப்பது நாளும் அஸருக்கு முன்பே அடுப்பு மூட்டுகிறோம். பல மஹல்லாக்களில் அந்த அடுப்பு, பள்ளியின் பின்சுவரோடு ஒட்டிய, மூன்று பக்கமும் அடைத்த, தாழ்வான தகரக் கொட்டகைக்குள் இருக்கிறது. மழைக்காகப் போட்ட தகரம் புகையைத் தலைமட்டத்தில் பிடித்து வைக்கிறது. பச்சைப் பூண்டும் வெங்காயமும் உண்டு அந்த வாடையோடு பள்ளிக்கு வருவதையே தடுத்த மார்க்கம் நம்முடையது. அதன் பெயரால், ஒரு தொழிலாளியை நோன்போடு நிறுத்திப் புகை குடிக்கவைக்கிறோம்.

"பீடி மக்ரூஹ்தானே, ஹராம் இல்லையே" என்னும் பேச்சுக்கும் ஒரு சொல். முற்கால அறிஞர்களில் பலர் அதை மக்ரூஹ் என்றதோடு நிறுத்தியது, அதன் தீங்கு அன்று உறுதிப்படாத காரணத்தால். தீங்கு உறுதிப்பட்டபின் பிற்கால அறிஞர்கள் பலர் கடுமையான தீர்ப்புக்கு வந்தார்கள். தமக்கும் பிறர்க்கும் தீங்கு விளைவிக்கலாகாது என்பது ஃபிக்ஹின் அடிப்படைகளில் ஒன்று. மனைவி விறகடுப்பை ஊதிக்கொண்டிருக்கும் அதே அறையில் திண்டில் சாய்ந்து சிகரெட் பிடிப்பவர், தம் நெஞ்சை மட்டும் கெடுத்துக்கொள்வதாக எண்ணிக்கொண்டு மக்ரூஹ் பேசுகிறார். அவள் நெஞ்சுக்குள்ளும் இரண்டு புகையைச் செலுத்துகிறார். அவளிடம் அனுமதி கேட்டாரா?

"ஐம்பது வயதுக்கு மேல் விட்டு என்ன ஆகப்போகிறது?" என்பது அடுத்த சாக்கு. ஆகும். முப்பது வயதைக் கடந்த எல்லோருக்கும் முதல் நொடி மூச்சின் அளவு ஆண்டுதோறும் சிறிது குறையும். அது வயதின் இயல்பு. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த 'லங் ஹெல்த் ஸ்டடி', நோயின் தொடக்க நிலையில் இருந்த புகைபிடிப்போரைப் பதினோரு ஆண்டு பின்தொடர்ந்தது. விட்ட ஆண்களுக்கு ஆண்டுக்கு 30 மில்லிலிட்டர் குறைந்தது. விடாதவர்களுக்கு 66. நம் பண்டாரியின் கணக்கில் வைத்துப் பாருங்கள். 1.4 லிட்டரில் நிற்பவர் இன்று விட்டால் பத்தாண்டில் 1.1க்கு வருவார், மெதுவாக நடப்பார், ஆனால் நடப்பார். விடாவிட்டால் 0.74. அந்த அளவில் குளித்து உடை மாற்றுவதே உழைப்பாகிவிடும். ஒருவருக்கு இது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை, அது சராசரி. போனது திரும்பாது என்பதும், இருப்பது நிற்கும் என்பதும் உறுதி.

விட்ட முதல் சில வாரங்களில் இருமலும் சளியும் கூடலாம். "பீடியை விட்டதும் சளி அதிகமாகிவிட்டது, பீடிதான் சளியைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தது" என்று சொல்லி மீண்டும் பற்றவைத்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். மந்தமாகிக் கிடந்த நுண்மயிர்கள் மறுபடி அசையத் தொடங்கி, தேங்கிய குப்பையை மேலே தள்ளுவதே அந்தச் சளி. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சளியில் இரத்தம் வந்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்தாலோ காசநோய்ச் சோதனைக்குப் போக வேண்டும். அதைப் பீடியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

அடுப்புப் பக்கத்துக்கும் சான்று இருக்கிறது. சீனாவின் குவாங்டாங் மாகாணக் கிராமங்களில் 2002 முதல் 2011 வரை ஒன்பது ஆண்டு நடந்த ஆய்வில், சில வீடுகள் விறகுக்குப் பதில் சாண எரிவாயுவுக்கு மாறின. சில வீடுகள் புகை வெளியேறும் வசதி மட்டும் செய்துகொண்டன. சில இரண்டையும் செய்தன. ஒன்றும் செய்யாதவர்களோடு ஒப்பிட, எரிபொருளை மாற்றியவர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 12 மில்லிலிட்டர் இழப்பு மிஞ்சியது. புகைபோக்கி வைத்தவர்களுக்கு 13. இரண்டும் செய்தவர்களுக்கு 16. எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது நடு எண்தான். எரிவாயுவுக்கு மாறப் பணம் இல்லை என்று சொல்லும் நிர்வாகமும், புகையை வெளியே விடும் வழி செய்தாலே ஏறக்குறைய அதே பயனைப் பெறலாம்.

முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வதைத் தீர்வாக யாரும் சொல்ல வேண்டாம். ஈரத்துண்டு கண்ணெரிச்சலைக் குறைக்கலாம். நோயைத் தரும் நுண்துகள் அதன் இழைகளுக்கிடையே தாராளமாகப் போய்விடும். என்95 முகக்கவசம் துகளைப் பிடிக்கும். ஆனால் அண்டாவின் வெக்கையில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், பிறகு பண்டாரிக்கு உபதேசம் செய்யலாம். கார்பன் மோனாக்சைடை அதுவும் தடுக்காது. பீடியிலிருந்தும் தணலிலிருந்தும் வரும் அந்த வாயு இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நல்ல காற்றில் வந்து நின்றாலும் பாதி வெளியேற நான்கைந்து மணி நேரம் ஆகும். ஸஹருக்குப் பின் இதயம் படபடக்கிறது, தலை கனக்கிறது என்று சமையற்காரர்கள் சொன்னால் அதைத் தூக்கமின்மை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

சமையற்காரரை வேலையைவிட்டு நிறுத்துங்கள் என்று நான் சொல்வதாக யாரும் திரித்துப் பேச வேண்டாம். அவருடைய அடுப்பு அணைந்தால் அவர் வீட்டு அடுப்பும் அணையும். நான் கேட்பது வேறு. ஷஅபானில் கூடும் நிர்வாகக் கூட்டத்தில், கஞ்சி அரிசிக்கும் பருப்புக்கும் யார் பொறுப்பு என்று எழுதும் அதே தாளில், அடுப்புக்கும் ஒரு வரி எழுதுங்கள். வசதியுள்ள பள்ளிகள் வணிக சிலிண்டருக்கும் பெரிய பர்னருக்கும் இந்த ஆண்டே மாறலாம். மற்றவர்கள் கொட்டகையின் இரண்டு பக்க அடைப்பையாவது எடுத்துவிட்டு, அடுப்புக்கு நேர் மேலே தகரத்தைத் திறந்து, கூரையைத் தாண்டி உயரும் புகைபோக்கி வைக்க வேண்டும். விறகை ரஜபிலேயே வாங்கிப் பிளந்து வெயிலில் அடுக்குங்கள். ஈர விறகே புகையில் பாதியைத் தருகிறது என்று நம் சமையற்காரர்களே சொல்வார்கள். பனியன் வேஸ்ட்டும் பிளாஸ்டிக்கும் அடுப்புக்குள் போகவே கூடாது. ஒரே ஆளை முப்பது நாளும் நிறுத்தாமல் இருவரை முறை வைத்து நிறுத்துங்கள். சமையற் கொட்டகைக்குள் பீடி இல்லை என்பதைச் சமையற்காரருக்கு மட்டும் அல்ல, அங்கே வந்து வெட்டிப்பேச்சுப் பேசும் நிர்வாகிகளுக்கும் சேர்த்து எழுதுங்கள்.

பண்டாரிகளையும், பத்தாண்டுக்கு மேல் விறகில் சமைக்கும் நாற்பது வயது கடந்த நம் வீட்டுப் பெண்களையும் ஒருமுறை ஊதிப்பார்க்க அழைத்துச் செல்லுங்கள். ஒரு காலத்தில் காசநோய் சானடோரியமாக இருந்த பெருந்துறையில் இன்று அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, திருப்பூரிலும் இருக்கிறது. நெஞ்சக நோய்ப் பிரிவில் ஸ்பைரோமெட்ரி வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே மூன்று செய்தியைச் சொல்லுங்கள்: எத்தனை ஆண்டு, எந்த அடுப்பு, நாளுக்கு எத்தனை மணி நேரம். வீட்டில் புகைபிடிப்பவர் இருந்தால் அதையும் சேர்த்து.

மேலே சொன்ன பண்டாரியின் மகனுக்கு வயது இருபத்தொன்று. சென்ற மாதம் ஒரு விருந்தில் அவன்தான் அண்டாவின் முன் நின்றான். தந்தை நாற்காலியில் அமர்ந்து உப்பும் காரமும் சொல்லிக்கொண்டிருந்தார். மகனின் காதில் ஒரு பீடி செருகியிருந்தது.